50 விநாடி வீடியோ... ‘நாளைக்கு மழை உண்டா?’ என்பதற்குப் பதில்!

‘செயலியை இறக்கி வைத்திருக்கிறேன். அதற்கு மேல் என்ன செய்வது என்று தெரியவில்லை.’ எங்கள் உழவர் குழுவில் பலரும் சொல்லும் வார்த்தை இது. என் பெரியப்பாவும் அப்படித்தான் சொன்னார். ஆனால், அவர் சொன்ன அன்று இரண்டு ஏக்கர் சம்பா நெல்லுக்குப் போட்ட இரண்டு மூட்டை யூரியா வாய்க்காலோடு போயிருந்தது.

எங்கள் ஊர் மன்னார்குடி பக்கம். கார்த்திகை மாதம், மேலுரம் போடும் நேரம். மாலையில் ஆள் வைத்து உரம் தூவினார். இரவு பெய்த மழையில் வரப்பு வழிந்துவிட்டது. மழை வரும் என்பதைச் சொல்லும் ‘மேகதூத்’ செயலி இரண்டு வாரமாக அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. மத்திய அரசு 2019-ல் வெளியிட்ட செயலி அது. வரும் நாள்களுக்கான மழை, வெப்பநிலை, காற்று விவரங்களோடு, செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் பயிர் ஆலோசனையும் அதில் வருகிறது. தமிழிலும் பார்க்கலாம்.

“நீதானே தம்பி அனுப்புன, அந்த வீடியோவை? பார்த்தேன். ஒண்ணும் புரியலை” என்றார் பெரியப்பா.

அவர் சொன்னது உண்மை. குழுவின் வாட்ஸ்அப்பில் நான் போட்ட வீடியோ நான்கு நிமிடம் ஓடியது. முதலில் வணக்கம், பிறகு குழுவின் பெயர், செயலியின் பெருமை, அதிலுள்ள எல்லா வசதிகளும். மழை அளவு எங்கே இருக்கிறது என்பது மூன்றாவது நிமிடத்தில்தான் வந்தது. அதுவரை யார் பார்ப்பார்கள்?

அதனால் வேறு மாதிரி ஒன்று எடுத்தோம். 50 விநாடி. ஒரே கேள்வி, ஒரே பதில். எடுத்த விதத்தை இங்கே சொல்கிறேன். உங்கள் ஊருக்கும் நீங்களே எடுத்துக்கொள்ளலாம்.

விடையை முதலில் காட்டுங்கள்

முதல் ஐந்து விநாடியில் கடைசித் திரையைக் காட்டினோம். மழை அளவு இருக்கும் இடத்தில் விரலை வைத்து, “நாளைக்கு நம்ம ஒன்றியத்துல எவ்வளவு மழைன்னு இங்க இருக்கு. இங்க எப்படி வர்றதுன்னு பார்ப்போம்” என்று ஒரே வாக்கியம். போய்ச் சேரும் இடம் தெரிந்துவிட்டால், நடுவில் வரும் திரைகளைக் கண்டு யாரும் மிரள்வதில்லை.

அடுத்த 30 விநாடியில் படிகள். முதலில் மொழி. தமிழைத் தேர்ந்தெடுக்காமல் விட்டவர்களுக்கு அடுத்த திரைகளே புரிவதில்லை. பிறகு பெயர், கைபேசி எண். பிறகு மாவட்டம். அதன் பிறகு முன்னறிவிப்பு. செயலியைப் புதுப்பிக்கும்போது பொத்தான் இருக்கும் இடம் மாறலாம். அதனால், “மேலே வலது பக்கம்” என்று மட்டும் சொல்லாமல், அங்கே எழுதியிருக்கும் சொல்லையும் வாய்விட்டுப் படித்தோம்.

‘இருப்பிடத்தை அறிய அனுமதிக்கலாமா?’ என்று போன் ஒரு பெட்டியைக் காட்டும். பெரியப்பா நின்றுபோன இடம் அதுதான். “ஏதோ பணம் புடிச்சிடுவான்னு நினைச்சு மூடிட்டேன்” என்றார். எனவே அந்தப் பெட்டியை நாங்கள் வெட்டவில்லை. “நீங்க எந்த ஊர்ல இருக்கீங்கன்னு கேக்குது. செயலியைப் பயன்படுத்தும்போது மட்டும்னு கொடுத்தா போதும்” என்ற விளக்கத்தோடு அப்படியே வைத்தோம். ஆள் நின்றுபோகும் இடத்தை மறைக்காமல் காட்டுவதுதான் இந்த மாதிரி வீடியோவின் வேலையே.

விரல் தெரிய வேண்டும்

ஆண்ட்ராய்டு போன்களில் திரையைப் பதிவு செய்யும் வசதி இருக்கிறது. மேலிருந்து இரண்டு முறை கீழே இழுத்தால் வரும் பொத்தான்களில் அதுவும் இருக்கும். பல போன்களில், தொடும் இடத்தைப் புள்ளியாகக் காட்டும் வசதியும் உண்டு. முதல் முறை அப்படித்தான் எடுத்தேன். ஆனால், அந்தப் புள்ளியை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் கவனிக்கவில்லை. திரை தானாக மாறுவதுபோல அவர்களுக்குத் தெரிந்தது.

இரண்டாவது முறை, ஒரு போனை மேசையில் வைத்து, இன்னொரு போனால் மேலிருந்து எடுத்தோம். கையும் விரலும் தெரிந்தன. ஒவ்வொரு தட்டலுக்கும் முன்னால் விரலை இரண்டு விநாடி நிறுத்தினேன். அந்த இரண்டு விநாடியில்தான் பார்ப்பவர் தன் போனில் அதே இடத்தைத் தேடுகிறார்.

எடுக்கும் முன் போனில் எழுத்தளவைப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் வீடியோவைச் சுருக்கி அனுப்புவதால் சிறிய எழுத்து கலங்கிவிடும். இன்னொன்று, உங்கள் கைபேசி எண் வீடியோவில் தெரியக் கூடாது. எண்ணைப் பதியும்போது உள்ளங்கையால் மறையுங்கள். ஓடிபி போன்ற குறுஞ்செய்திகள் திரையின் மேலே வந்து விழலாம். ‘தொந்தரவு செய்யாதே’ அமைப்பைப் போட்டுவிட்டு எடுத்தால் அந்தச் சிக்கல் இல்லை.

எண்ணுக்குப் பொருள் சொல்லுங்கள்

கடைசி 15 விநாடியை இதற்கே ஒதுக்கினோம். திரையில் 28 என்று இருந்தால், அது எவ்வளவு மழை? வானிலைத் துறையின் கணக்கில் ஒரு நாளில் 2.5 மில்லிமீட்டர் முதல் 15.5 வரை லேசான மழை. 15.6 முதல் 64.4 வரை மிதமான மழை. அதற்கு மேல் கனமழை. ‘மிதமான’ என்ற சொல்லைக் கேட்டு ஏமாந்துவிட வேண்டாம். ஒரு ஏக்கரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் சுமார் 4,000 லிட்டர் தண்ணீர். 28 என்றால் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல். வயலில் ஏற்கெனவே தண்ணீர் நிற்கும்போது இது சேர்ந்தால் உரம் வரப்பைத் தாண்டத்தான் செய்யும்.

எனவே வீடியோவை இப்படி முடித்தோம்: “நாளைக்கும் மறுநாளுக்கும் எண் 15-க்கு மேல இருந்தா மேலுரத்தைத் தள்ளிப் போடுங்க.” இது எங்கள் வடிகால் வசதியைப் பார்த்து நாங்கள் வைத்துக்கொண்ட அளவு. உங்கள் மண்ணுக்கும் வடிகாலுக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். ஒன்றியம் முழுமைக்குமான கணிப்பு என்பதால், உங்கள் வயலில் மட்டும் கூடவோ குறையவோ பெய்யலாம். திடீர் இடிமழைக்கு இதை முழுதாக நம்ப முடியாது. அதையும் ஒரு வரியில் சொல்லிவிட்டோம். சொல்லாவிட்டால், முதல் முறை தவறும்போதே செயலியை நீக்கிவிடுவார்கள்.

அனுப்பும் முன் ஒரு சோதனை

செயலியைத் தொட்டே பார்க்காத ஒருவர் கையில் வீடியோவையும் போனையும் கொடுங்கள். பக்கத்தில் உட்காருங்கள். வாயைத் திறக்காதீர்கள். விரல் எங்கே தயங்குகிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் பெரியம்மாவிடம் கொடுத்தபோது, மாவட்டப் பட்டியலை மேலே தள்ளிப் பார்க்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியவில்லை. முதலில் தெரிந்த மாவட்டத்தையே தொட்டுவிட்டார். பட்டியலை விரலால் தள்ளும் காட்சியை அதன் பிறகுதான் சேர்த்தோம்.

பெரியப்பா அந்த வீடியோவை மூன்று முறை பார்த்தார். நான்காவது முறை வீடியோ இல்லாமலே மழைத் திரைக்குப் போய்விட்டார். அடுத்த மேலுரத்துக்கு ஆள் சொல்லும் முன் என்னைக் கூப்பிட்டார்.

“நாளைக்கு 3, மறுநாள் 31னு போட்டிருக்கு. நாளைக்குத் தூவுனா மறுநாள் போயிடும்ல? ரெண்டு நாள் கழிச்சே ஆளை வரச் சொல்லிடுறேன் தம்பி.”