ஆப்பிள், கோலா, கல்லீரல்

நடுத்தர ஆப்பிள் ஒன்றில் ஏறத்தாழ 12 கிராம் ஃபிரக்டோஸ் இருக்கிறது. 300 மில்லி கோலாவில் கரைந்திருக்கும் 32 கிராம் சர்க்கரையில் பாதி, அதாவது 16 கிராம் ஃபிரக்டோஸ். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மூலக்கூறும் ஒன்றேதான். ஆப்பிளில் பிறந்தது, ஆலையில் பிறந்தது என்று கல்லீரல் பிரித்துப் பார்ப்பதில்லை. ஆனால் கோலா குடிப்பவரின் கல்லீரலில் கொழுப்பு சேர்கிறது. ஆப்பிள் தின்பவருக்கு அப்படி நேர்வதாகத் தெரியவில்லை. ஏன்?

முதலில் கல்லீரலின் பக்கத்திலிருந்து பார்ப்போம். சோற்றிலிருந்து வரும் குளுக்கோஸை உடலின் எல்லாத் திசுக்களும் பயன்படுத்துகின்றன. கல்லீரலுக்குள் நுழையும் குளுக்கோஸுக்கும் வழியில் ஒரு கண்காணிப்பு உண்டு. பாஸ்போஃபிரக்டோகைனேஸ் என்ற நொதி செல்லில் எரிபொருள் போதுமான அளவு இருக்கிறதா என்று உணர்ந்து, போதுமென்றால் வேகத்தைக் குறைத்துவிடும். ஃபிரக்டோஸ் இந்த இடத்தைத் தொடாமலேயே தாண்டிச் செல்கிறது. ஃபிரக்டோகைனேஸ் என்ற வேறொரு நொதி அதைப் பற்றிக்கொண்டு பாஸ்பேட் ஒன்றை ஒட்டுகிறது. அடுத்து வரும் ஆல்டோலேஸ் பி அதை இரண்டாக வெட்டுகிறது. கிடைக்கும் துண்டுகள் கண்காணிப்புக்குக் கீழே போய்ச் சேர்கின்றன. செல்லுக்குத் தேவை இருக்கிறதா இல்லையா என்று இந்தப் பாதையில் யாரும் கேட்பதில்லை. வந்த அளவு அப்படியே உள்ளே போகும்.

இதற்கு இரண்டு விளைவுகள். ஃபிரக்டோகைனேஸ் வேகமான நொதி. ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஒரு ஏடிபி செலவாகிறது. ஒரே நேரத்தில் அதிக ஃபிரக்டோஸ் வந்தால் ஏடிபி சட்டென்று குறைந்து, அதன் மிச்சம் சிதைந்து யூரிக் அமிலமாகிறது. இனிப்புப் பானங்களையும் கௌட் வாதத்தையும் மருத்துவர்கள் சேர்த்துப் பேசுவதற்கு இது ஒரு காரணம். இரண்டாவது விளைவு கொழுப்பு. வந்த ஃபிரக்டோஸில் பெரும்பகுதி குளுக்கோஸாகவும் லாக்டிக் அமிலமாகவும் மாறுகிறது. உடனடியாகக் கொழுப்பாவது மிகச் சிறிய பங்குதான். "ஃபிரக்டோஸ் அப்படியே கொழுப்பாகிறது" என்று மேடையில் முழங்குகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். ஆனால் ஃபிரக்டோஸ் தினமும் வெள்ளமாக வந்தால், கொழுப்பு தயாரிக்கும் நொதிகளை அதிகமாக உருவாக்கும்படி மரபணுக்களுக்கு அது கட்டளை இடுகிறது. பிறகு வேறு உணவிலிருந்து வரும் சர்க்கரையும் அந்த வழியில் போகத் தொடங்கும்.

சூரிக்கைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2021-ல் இதை மனிதரில் காட்டினார்கள். ஆரோக்கியமான இளம் ஆண்கள் 7 வாரங்கள் நாளொன்றுக்கு 80 கிராம் சர்க்கரை கலந்த பானம் குடித்தார்கள். சிலருக்கு ஃபிரக்டோஸ், சிலருக்கு சாதாரணச் சர்க்கரை, சிலருக்கு குளுக்கோஸ். முதல் இரு குழுவினரின் கல்லீரலில் கொழுப்பு உற்பத்தி ஏறத்தாழ இரு மடங்கானது. குளுக்கோஸ் குடித்தவர்களிடம் அந்த மாற்றம் தெரியவில்லை. எல்லாருக்கும் சர்க்கரை ஒரே அளவுதான்.

அப்படியானால் ஆப்பிளின் 12 கிராம் எங்கே போகிறது? விடை கல்லீரலுக்கு முன்னாலேயே இருக்கிறது. சிறுகுடலை நாம் வெறும் உறிஞ்சு குழாயாகவே எண்ணி வந்தோம். பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் சுண்டெலிகளுக்கு அடையாளமிட்ட ஃபிரக்டோஸைக் கொடுத்து, அது போகும் வழியைப் பின்தொடர்ந்தார்கள். அளவு குறைவாக இருந்தபோது, ஏறத்தாழ 90 சதவீதத்தைச் சிறுகுடலின் சுவரே பிடித்துக் குளுக்கோஸாகவும் வேறு பொருள்களாகவும் மாற்றிவிட்டது. கல்லீரலுக்குச் சொற்பமே ஃபிரக்டோஸாகப் போய்ச் சேர்ந்தது. அளவு கூடியதும் குடலின் நொதிகளால் சமாளிக்க முடியவில்லை. மிஞ்சியது கல்லீரலுக்குப் பாய்ந்தது, இன்னும் ஒரு பங்கு பெருங்குடலில் உள்ள நுண்ணுயிரிகளிடம் போனது. மழைக்காலத்தில் ஏரிக்கு வரும் நீரைப் போலத்தான்: மதகு தாங்கும் மட்டும் வயலுக்குப் போகும், மீறினால் கரை உடையும்.

அதே ஆய்வுக்கூடம் 2020-ல் இன்னொரு கேள்வியைக் கேட்டது. குடலில் மட்டும் ஃபிரக்டோகைனேஸை நீக்கிய சுண்டெலிகளின் கல்லீரலில் கொழுப்பு உற்பத்தி கூடியது. குடலில் அந்த நொதியைப் பெருக்கியவற்றில் குறைந்தது. ஃபிரக்டோஸை உணவோடு தின்ற எலிகளைவிடக் குடித்த எலிகளின் கல்லீரல்தான் அதிகம் பாதிக்கப்பட்டது. எலியின் அளவை மனித எடையால் பெருக்கி இத்தனை கிராம் வரை பாதுகாப்பு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் எவ்வளவு என்பதோடு எவ்வளவு வேகமாக என்பதும் முக்கியம் என்று அந்தச் சோதனைகள் தெளிவாகச் சொல்கின்றன.

மனிதரின் வேகத்தைப் பிரிஸ்டலில் 1977-லேயே அளந்திருக்கிறார்கள். ஒரே 10 பேருக்கு வெவ்வேறு நாட்களில் 60 கிராம் கார்போஹைட்ரேட் அளவுள்ள ஆப்பிளைத் தந்தார்கள். ஒருநாள் முழுப் பழம், ஒருநாள் மசித்தது, ஒருநாள் சாறு. பழத்தைத் தின்ன சராசரியாக 17 நிமிடம், மசித்ததற்கு 6 நிமிடம், சாற்றுக்கு ஒன்றரை நிமிடம். ஆப்பிளின் சர்க்கரையில் மூன்றில் இரு பங்கு ஃபிரக்டோஸ். எனவே 60 கிராமில் ஏறத்தாழ 40 கிராம் ஃபிரக்டோஸ். பழமாகத் தின்றால் நிமிடத்துக்கு இரண்டரை கிராமுக்கும் குறைவாகப் போகும் அது, சாறாகும்போது நிமிடத்துக்கு 26 கிராமைத் தாண்டுகிறது. பழத்தில் அந்தச் சர்க்கரை செல்சுவருக்குள் அடைபட்டுக் கிடப்பதால், வயிற்றிலிருந்து குடலுக்கு இறங்குவதும் மெதுவே. வயிறு நிறைந்த உணர்வும் முழுப் பழத்துக்கே அதிகம். மிக்சியில் அடித்த சாறு நடுவில் நிற்கிறது: நார் இருக்கும், ஆனால் செல்சுவர் கிழிந்துவிட்டது, தின்னும் நேரமும் சுருங்கிவிட்டது. சாற்றுக் கடையில் அதன்மேல் இரண்டு கரண்டி சர்க்கரையும் போடுவார்கள் என்பது வேறு கதை.

பிரின்ஸ்டன் எலிகள் இன்னொன்றும் காட்டின. உணவு எடுத்துக்கொண்ட நிலையில் குடல் ஃபிரக்டோஸை இன்னும் நன்றாகப் பிடிக்கிறது. வெறும் வயிற்றில் ஒரு சொம்பு கரும்புச் சாறு குடித்துவிட்டு உடம்பைச் சுத்தம் செய்கிறோம் என்று நம்புகிறவர்கள் இதைக் கவனிக்கலாம். இனிப்பின் பெயரும் கல்லீரலுக்கு முக்கியமில்லை. நாட்டுச் சர்க்கரையும் கருப்பட்டியும் பெரும்பாலும் சுக்ரோஸ்தான், பாதி ஃபிரக்டோஸ். தேனில் ஏறத்தாழ 40 சதவீதம் ஃபிரக்டோஸ். அமெரிக்கப் பானங்களில் சேர்க்கும் மக்காச்சோளப் பாகில் 55 சதவீதம். இவற்றில் எதையும் தண்ணீரில் கரைத்துக் குடித்தால் குடலுக்கு ஒரே கதிதான்.

பழத்துக்கும் விதிவிலக்குகள் உண்டு. பிறவியிலேயே ஆல்டோலேஸ் பி குறைபாடு உள்ள குழந்தைகளுக்குச் சிறு பழத்துண்டும் ஆபத்து. தாய்ப்பால் தாண்டிப் பழமோ சர்க்கரையோ தொடங்கியதும் வாந்தியும் ரத்தச் சர்க்கரை வீழ்ச்சியும் வந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். நீரிழிவு உள்ளவர்களுக்கு பழத்தின் குளுக்கோஸும் கணக்கில் வரும் என்பதால், மாம்பழத்துக்கும் பலாச்சுளைக்கும் ஓர் அளவு தேவை. பேரீச்சையும் உலர் திராட்சையும் பழம்தான், ஆனால் நீர் வற்றியதால் ஒரு பிடியில் பல பழத்தின் சர்க்கரை இருக்கும்.

உலக சுகாதார நிறுவனம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், கட்டற்ற சர்க்கரையை நாளின் மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்குக் கீழே வைக்கச் சொன்னது. 2000 கலோரி உண்பவருக்கு அது 50 கிராம். தேன், பாகு, பழச்சாறு ஆகிய எல்லாவற்றின் சர்க்கரையும் இந்த 50 கிராமுக்குள் வருகிறது. முழுப் பழத்தின் சர்க்கரை வருவதில்லை.