நாய்ப் பொம்மை பேசக் கூடாது

அங்கன்வாடியிலோ எல்.கே.ஜி. வகுப்பிலோ நாயைப் பற்றிப் பொம்மலாட்டம் போட்டால், நாய்க்கும் ஒரு குரல் கொடுக்கத்தான் தோன்றும். "தூங்கும்போது என்னைத் தொடாதே, கோபம் வரும்" என்று நாயே வந்து பாடம் சொல்லும்; குழந்தைகளும் கைதட்டுவார்கள். தெருவில் நிற்கும் நாயோ வாயைத் திறந்து எதையும் சொல்லப்போவதில்லை. காதாலும் வாலாலும் முதுகாலும் அது சொல்வதைக் கவனிக்கத்தான் குழந்தை பழக வேண்டும். இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நாய்ப் படங்களைக் காட்டியபோது, பல்லைக் காட்டி உறுமும் நாய் சிரிப்பதாகச் சிறு குழந்தைகள் பலர் நினைத்தார்கள். ஆகவே இந்த நாடகத்தில் நாய்க்கு வசனமே கிடையாது. அதற்காகப் பேச ஒரு காக்கா இருக்கிறது.

நாய்க்குப் பழைய சாக்ஸ் போதும். கட்டைவிரல் கீழ்த்தாடை, மற்ற விரல்கள் மேல்தாடை. ஆட்டுகிறவர் மணிக்கட்டை இறுக்கினால் பொம்மை விறைக்கும், தளர்த்தினால் குழையும். செல்விப் பொம்மையின் முகமும் நாயின் வாயும் ஒரே உயரத்தில் இருக்கட்டும். சிறு குழந்தைகளுக்கு முகத்திலும் தலையிலும் கடிபடுவது அந்த உயரத்தால்தான்.

(செல்வி பந்தோடு வருகிறாள். ஓரத்தில் நாய் தூங்குகிறது. பந்து உருண்டு அதன் பக்கத்தில் போய் நிற்கிறது.)

செல்வி: ஐயோ, என் பந்து!

காக்கா: கா! கா! செல்வி, நாய் என்ன பண்ணுது?

செல்வி: தூங்குது. மெதுவா எடுத்துடவா?

காக்கா: (குழந்தைகளிடம்) பிள்ளைங்களா, எடுக்கலாமா?

குழந்தைகள்: வேணாம்!

(நாய் எழுகிறது. உடம்பு விறைக்கிறது. வால் நிமிர்ந்து மெல்ல ஆடுகிறது.)

செல்வி: ஹை, வாலாட்டுது! என்னை அதுக்குப் பிடிச்சிருக்கு!

காக்கா: வாலை மட்டும் பாக்காதே. உடம்பைப் பாரு, கட்டை மாதிரி நிக்குது! ஓடாதே, கத்தாதே. மரமாயிடு!

செல்வி: மரமாவா?

காக்கா: கிளையை மடக்கு. (செல்வி கைகளை முன்னால் கோத்துக்கொள்கிறாள்.) வேரைப் பாரு. (தன் பாதத்தைப் பார்க்கிறாள்.) இப்ப எண்ணு.

எல்லோரும்: ஒண்ணு... ரெண்டு... மூணு...

(நாய் வந்து மோந்து பார்க்கிறது. செல்வி அசையவில்லை. நாய் போய்விடுகிறது. செல்வி மெல்லப் பின்னால் நடக்கிறாள்.)

செல்வி: பாட்டீ! பந்து நாய்கிட்ட போயிடுச்சு!

பாட்டி: நீ போய் எடுக்காம என்கிட்ட வந்து சொன்னே பாரு, அதான் கண்ணு சரி. நாய் தூரப் போனதும் நான் எடுத்துத் தர்றேன்.

அவ்வளவுதான் நாடகம். ஓடுகிறதைத் துரத்துவது நாயின் இயல்பு. வீசும் கையை அது வாயால் பிடிக்கப் பார்க்கும். கண்ணுக்குக் கண் உற்றுப் பார்த்தால் மிரட்டுவதாக எடுத்துக்கொள்ளும். மரமாக நிற்பவளிடம் இந்த மூன்றுமே இல்லை; மோந்து பார்த்தபின் நாய்க்கு அங்கே வேலையும் இல்லை. எண்ணிக்கையை மட்டும் ஒவ்வொரு முறையும் மாற்றுங்கள். ஒரு நாள் ஏழோடு நாய் போகட்டும், இன்னொரு நாள் பன்னிரண்டு ஆகட்டும். எப்போதும் ஐந்தோடு முடித்தால், ஐந்து எண்ணியதும் ஓடலாம் என்று குழந்தை புரிந்துகொள்ளும்.

நாய் துரத்துவதையும் கடிப்பதையும் மேடையில் காட்டவே வேண்டாம். பொம்மை துரத்தினால் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சாயங்காலம் விளையாட்டில் அதையே செய்வார்கள். நாடகம் முடிந்ததும் அவர்களை எழுப்பி மரமாக நிற்கச் சொல்லிவிட்டு, நாய்ப் பொம்மையோடு ஒவ்வொருவரிடமும் போய் மோந்து பாருங்கள். சிரித்துக் கையை உதறுகிறவர்களுக்கு இன்னொரு முறை. "என்ன செய்யணும்?" என்று கேட்டால் வாய் சரியாகச் சொல்லும், உடம்பு நிற்கிறதா என்பது பொம்மை அருகில் வரும்போதுதான் தெரியும். மரம் பழகியபின் இன்னொரு நாள் கல்லைச் சொல்லிக்கொடுங்கள்: நாய் தள்ளி விழுந்துவிட்டால் முட்டியை மடக்கிக் குப்புறச் சுருண்டு, விரல்களைப் பிடரியில் கோத்து, கைகளால் காதுகளை மூடிக்கொள்வது.

குட்டி போட்ட நாய், தின்றுகொண்டிருக்கும் நாய், கட்டிப்போட்ட நாய் என்று அடுத்தடுத்த காட்சிகளை நீங்களே சேர்க்கலாம். காட்சிக்கு ஒரு நாய் போதும்.

மரமாக நின்றாலும் சில நாய் கடிக்கும். வெறிநாய் காரணமே இல்லாமல் பாயும். அதனால்தான் கடைசி வசனம் பாட்டிக்கு. "தெருவுல உனக்கென்ன வேலை?" என்று அடி விழும் வீட்டில் பிள்ளை கீறலைச் சட்டைக்குள் மறைத்துவிடும். வெறிநோயின் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை. அதற்கு முன்பே தடுப்பூசி போட்டால் தடுத்துவிடலாம். ஆகவே பிள்ளை வந்து சொன்னால் திட்டாதீர்கள். மஞ்சளோ மிளகாய்ப்பொடியோ வைக்காமல், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவிவிட்டு, சின்னக் கீறலாக இருந்தாலும் அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். அங்கே ஊசி இலவசம்.