வளவைத் தாண்டாத வைஃபை

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்து நகரத்தார் வீடுகள் பலவற்றில் முன்வாசல் ஒரு தெருவில் இருக்கும், பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று வீடு பின்னோக்கி நீண்டுகொண்டே போகும். ஒவ்வொரு கட்டுக்கும் நடுவே ஒன்றரை அடி, சில இடங்களில் அதற்கும் மேலே கனமுள்ள செங்கல் சுவர். கோடையில் உள்ளே குளுமை தரும் அந்தச் சுவர்தான் இன்று வைஃபைக்குப் பெரிய எதிரி. இந்த வீடுகளில் சில விடுதிகளாக மாறிவிட்டன. சிலவற்றில் திருவிழாவுக்கோ கல்யாணத்துக்கோ குடும்பமே வந்து தங்குகிறது. முகப்பு அறையில் படம் தடங்கலின்றி ஓடும். இரண்டாம் கட்டுக்குப் போனால் வாட்ஸ்அப் செய்திகூட நகராது.

காரணம் எளிய கணக்குதான். கனத்த செங்கல் சுவர் ஒன்று, தன்மேல் விழும் வைஃபை அலையில் பத்தில் ஒரு பங்கை மட்டும் மறுபக்கம் விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு சுவர் தாண்டினால் நூறில் ஒரு பங்கு, மூன்று தாண்டினால் ஆயிரத்தில் ஒரு பங்கு. தூரத்தால் குறைவது இதற்கு மேல் தனி. வீட்டு வைஃபை பெரும்பாலும் இரண்டு அலைவரிசைகளில் வருகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை மெதுவானது, ஆனால் சுவரை ஓரளவு ஊடுருவும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, சுவரைக் கண்டால் சீக்கிரம் சோர்ந்துவிடும். நிலைக்கண்ணாடியின் ரசப்பூச்சும் இரும்பு பீரோவும் அலையைத் திருப்பி அனுப்பிவிடும்.

ஆறு ஆன்டெனா வைத்த விலை உயர்ந்த ரவுட்டர் வாங்கினால் தீர்ந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ரவுட்டர் எவ்வளவு பலமாகப் பேசினாலும் கையிலிருக்கும் போன் பதில் சொல்ல வேண்டும். போனின் ஆன்டெனா சிறியது, அதன் சக்தியும் குறைவு. அந்தப் பதில் மூன்று சுவர் தாண்டி ரவுட்டருக்கு வந்து சேராது. திரையில் வைஃபை கோடுகள் நன்றாகத் தெரிந்தும் பக்கம் திறக்காமல் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஆகவே அலையைச் சுவருக்குள் திணிப்பதைவிட, சுவருக்கு அந்தப் பக்கத்துக்கு இணையத்தை வேறு வழியில் கொண்டுபோய், அங்கே புதிதாக வைஃபை கொடுப்பதே சரி. அதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன. அந்த மூன்றுக்கும் முன்னால் செலவு குறைந்த ஒரு வேலையும் இருக்கிறது. ஃபைபர் இணைப்பு கொடுக்க வருபவர் தெருவை ஒட்டிய முதல் அறையிலேயே மோடத்தை மாட்டிவிட்டுப் போவார், ஏனென்றால் அவருக்கு அதுதான் சுலபம். ஃபைபர் கம்பி மெல்லியது, ஐம்பது அடி கூடுதலாக இழுப்பதில் வேகம் குறையாது. மோடத்தை வளவின் தாழ்வாரத்துக்கு நகர்த்தித் தரச் சொன்னாலே பாதி வீடு சரியாகிவிடக்கூடும்.

முதல் வழி, கடையில் எளிதாகக் கிடைக்கும் எக்ஸ்டெண்டர். பிளக் பாயின்ட்டில் செருகி, வீட்டு வைஃபையின் கடவுச்சொல்லைக் கொடுத்தால் வேலை முடிந்தது. மோடத்தின் அலையைப் பிடித்து மறுபடி ஒலிபரப்பும். ஒரு வாக்கியத்தைக் கேட்டு முடித்த பிறகே அடுத்தவருக்குத் திருப்பிச் சொல்லக்கூடிய ஆளைப் போன்றது இது. கேட்கும் வேலையும் சொல்லும் வேலையும் ஒரே சானலில் நடந்தால் நேரம் இரண்டு மடங்கு ஆகும், வேகம் ஏறக்குறைய பாதியாகும். ஒரு அலைவரிசையில் வாங்கி மற்றொன்றில் கொடுக்கும் வகை இந்தச் சிக்கலைக் குறைக்கும். ஆனால் வாங்கும் அலை பலமாக இருந்தால்தான் அதுவும் உதவும்.

எக்ஸ்டெண்டரை எங்கே மாட்டுகிறார்கள் என்பதில்தான் பெரும்பாலும் தவறு நடக்கிறது. நெட் வராத அறைக்குள் கொண்டுபோய்ச் செருகுகிறார்கள். அங்கே வந்து சேராத அலையை எக்ஸ்டெண்டர் எதிலிருந்து பெருக்கும்? அதை மோடம் நன்றாகக் கிடைக்கும் கடைசி இடத்தில் வைக்க வேண்டும். வளவு உள்ள வீட்டுக்கு இதில் ஒரு வசதி உண்டு. திறந்த முற்றத்தின் குறுக்கே அலை தடையின்றிப் போகும். மோடம் முற்றத்தின் ஒரு பக்கத் தாழ்வாரத்திலும் எக்ஸ்டெண்டர் எதிர்ப்பக்கத் தாழ்வாரத்திலும், ஒன்றையொன்று நேரே பார்க்கும்படி இருந்தால் நடுவில் சுவரே இல்லை. சரியாக இருக்கிறதா என்று பார்க்க, எக்ஸ்டெண்டருக்குப் பக்கத்தில் நின்று போனில் வேகத்தைச் சோதிக்கலாம். அங்கேயே மோடத்தின் வேகத்தில் கால் பங்குதான் வருகிறதென்றால் இடம் தவறு. மெஷ் என்று விற்கப்படும் பெட்டிகளும் தங்களுக்குள் கம்பியில்லாமல் பேசிக்கொள்ளும்போது இதே விதிக்கு உட்பட்டவைதான்.

இரண்டாவது வழி பவர்லைன் அடாப்டர். சுவருக்குள் ஏற்கெனவே ஓடும் மின்கம்பியையே இது இணையக் கம்பியாக்கிக்கொள்கிறது. ஒரு அடாப்டரை மோடத்துக்குப் பக்கத்துப் பிளக்கில் செருகி, கேபிளால் மோடத்துடன் இணைக்க வேண்டும். ஜோடி அடாப்டரைப் பின்கட்டில் செருகினால் இணையம் அங்கே வெளியே வரும். மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் ஓட, தகவல் அதே கம்பியில் பல மெகாஹெர்ட்ஸ் அலையாகச் சவாரி செய்கிறது. சுவரின் கனம் இதற்குப் பொருட்டே இல்லை.

பொருட்டாக இருப்பது வீட்டின் வயரிங். பெரிய வீடுகளுக்கு வழக்கமாக மூன்று ஃபேஸ் இணைப்பு இருக்கும். முகப்பு ஒரு ஃபேஸிலும் பின்கட்டு வேறொரு ஃபேஸிலும் இருந்தால் இரண்டு அடாப்டர்களும் ஒன்றையொன்று அடையாளம் காணத் திணறும், சில வீடுகளில் இணையவே இணையாது. ஒரு ஃபேஸ் போனால் அடுத்ததற்கு மாற்றிக்கொள்ளும் சுவிட்ச் வைத்திருக்கும் வீடுகளில் வேடிக்கை இன்னும் அதிகம். காலையில் ஓடிய நெட், யாரோ சுவிட்சைத் திருப்பியதும் மாலையில் நின்றுபோகும். ஸ்பைக் பஸ்டர் பெட்டிகளில் உள்ள வடிகட்டி இந்த அலையைத் தின்றுவிடும் என்பதால் அடாப்டரை நேராகச் சுவர்ப் பிளக்கில்தான் செருக வேண்டும். மலிவான சார்ஜர்களும் எல்இடி விளக்குகளும் கம்பியில் இரைச்சலைக் கிளப்பும். விளக்கைப் போட்டதும் நெட் தளர்ந்தால் காரணம் அதுவாக இருக்கலாம்.

அட்டைப்பெட்டியில் 1000 எம்பிபிஎஸ் என்று அச்சிட்டிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். அது கம்பியின் மீது எட்டக்கூடிய உச்சக் கணக்கு, கையில் கிடைப்பது அதில் சிறு பகுதிதான். இன்னொன்று இன்வெர்ட்டர். மின்தடையின்போதும் நெட் வேண்டுமென்றால் இரண்டு அடாப்டர்களும் இன்வெர்ட்டர் லைனில் இருக்கும் பிளக்குகளில் இருக்க வேண்டும். ஆகவே, பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம் என்ற உறுதியோடு மட்டுமே பவர்லைனை வாங்குவது நல்லது.

மூன்றாவது வழி கேபிள். மோடத்திலிருந்து கேட் 6 கேபிளை இழுத்து, போய்ச் சேரும் இடத்தில் ஆக்சஸ் பாயின்ட் ஒன்றை மாட்டுவது. கேபிள் நூறு மீட்டர் வரை, அதாவது சுமார் 328 அடி வரை, முழு வேகத்தைக் கொண்டுபோகும். எந்தச் செட்டிநாட்டு வீட்டுக்கும் அது போதும்.

150 அடி நீளமும் 100 எம்பிபிஎஸ் இணைப்பும் உள்ள ஒரு வீட்டைக் கற்பனை செய்து பார்க்கலாம். மோடம் முகப்பில் இருக்கிறது. வளவின் தாழ்வாரத்தில் ஒரு ஆக்சஸ் பாயின்ட், இரண்டாம் கட்டின் கூடத்தில் இன்னொன்று. மோடத்தின் பின்பக்கம் உள்ள துளைகளிலிருந்து இரண்டு கேபிள்கள் கிளம்புகின்றன. சுண்ணாம்பும் முட்டை வெள்ளையும் சேர்த்து மெருகேற்றிய பழைய பூச்சைத் துளைத்தால் பிறகு அதே மாதிரி ஒட்டுப்போட ஆள் கிடைப்பது அரிது. அதனால் நிலைக்கு மேலுள்ள காற்றுத் துவாரம், பழைய கேபிள் டிவி வயர் போன ஓட்டை, தாழ்வாரத்தின் மர உத்திரம் என்று ஏற்கெனவே உள்ள வழிகளில்தான் கேபிள் போகிறது. முற்றத்தை ஒட்டி மழையும் வெயிலும் படும் இடத்தில் வெளிப்புறத்துக்கென்றே வரும் கறுப்பு உறைக் கேபிள். எலியும் அணிலும் கடிக்குமென்றால் பிவிசி குழாய்க்குள் விட வேண்டும். மின்வயர் ஓடும் குழாய்க்குள் மட்டும் இதை நுழைக்கவே கூடாது. இரைச்சல் மட்டுமல்ல, உயிருக்கே ஆபத்து.

கேபிள் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. மலிவாகக் கிடைப்பவற்றில் பல, அலுமினியத்தின் மேல் தாமிரம் பூசியவை. நுனியைக் கத்தியால் சுரண்டினால் வெள்ளையாகத் தெரியும், உறையிலோ பெட்டியிலோ CCA என்று அச்சிட்டிருக்கும். வளைத்தால் சீக்கிரம் ஒடியும். முழுத் தாமிரம் வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பெரும்பாலான ஆக்சஸ் பாயின்ட்களுக்கு மின்சாரமும் இதே கேபிள் வழியாகத்தான் போகும். மோடத்துக்குப் பக்கத்தில் இன்ஜெக்டர் என்ற சிறு பெட்டி அதைச் செலுத்தும். உத்திரத்தின் மேல் பிளக் பாயின்ட் தேவையில்லை. முகப்பில் ஒரே ஒரு இன்வெர்ட்டர் பிளக் இருந்தால் மின்தடையிலும் வீடு முழுக்க நெட் ஓடும்.

புது ஆக்சஸ் பாயின்ட் வாங்க வேண்டியதுகூட இல்லை. மூலையில் கிடக்கும் பழைய ரவுட்டரின் அமைப்புகளில் AP Mode என்று இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தால் போதும். இல்லாவிட்டால் அதன் முகவரியை மோடத்தின் முகவரியோடு மோதாமல், உதாரணமாக 192.168.1.2 என்று மாற்றி, DHCP என்பதை அணைத்து, கேபிளை WAN துளையில் அல்லாமல் LAN துளையில் செருக வேண்டும். அணைக்க மறந்தால் போன்களுக்கு இரண்டு பெட்டிகள் முகவரி வழங்கி, சில போன்களில் மட்டும் நெட் வராத குழப்பம் உண்டாகும்.

எல்லாப் பெட்டிகளிலும் வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் ஒன்றாக இருக்கட்டும். நடந்துகொண்டே பேசும்போது போன் தானாக மாறிக்கொள்ளும். 2.4 கிகாஹெர்ட்ஸில் மூன்றுக்கும் 1, 6, 11 என்று தனித்தனிச் சானல் கொடுத்தால் ஒன்றோடொன்று மோதாது. வேலை முடிந்ததும், ஆக்சஸ் பாயின்ட் மாட்டிய முனையில் கேபிளை மடிக்கணினியில் செருகி இணைப்பு வேகத்தைப் பார்க்கலாம். 1000 காட்ட வேண்டிய இடத்தில் 100 காட்டினால், மோடத்தின் துளையே 100 வகை, அல்லது உள்ளே இருக்கும் எட்டுக் கம்பிகளில் ஏதோ ஒன்று முனையில் சரியாகப் பதியவில்லை என்று பொருள். இரண்டாவதாக இருந்தால், இழுத்தவர் கூலி வாங்கிப் போகும் முன் முனையைப் புதிதாகப் போடச் சொல்ல வேண்டும்.

கனத்த சுவர் உள்ள பெரிய வீட்டுக்குக் கேபிளும் ஆக்சஸ் பாயின்ட்டும்தான் முதல் தேர்வு. கேபிள் போக வழியே இல்லை, இரு முனையும் ஒரே ஃபேஸில் இருக்கின்றன என்றால் பவர்லைனை முயன்று பார்க்கலாம். முற்றத்தின் குறுக்கே நேர்ப்பார்வை இருந்தால், ஓரிரு அறைக்கு மட்டும் எக்ஸ்டெண்டர் போதும். வீட்டில் பழுது பார்க்கவோ வயரிங் மாற்றவோ கொத்தனாரும் எலக்ட்ரீஷியனும் வந்திருக்கும் சமயமாக இருந்தால், ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு காலிக் குழாயை அப்போதே பதித்து வைக்கச் சொல்லுங்கள்.