ஊர் விட்டு ஊர்: எழும்பூரில் ஓர் அறை

சென்ற வாரம் திருவண்ணாமலையில் விடியுமுன் ரயிலேறிய குடும்பம் இப்போது சென்னைக் கடற்கரை ஸ்டேஷனில் நிற்கிறது. அப்பா, அம்மா, பாட்டி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். 2024 மே மாதம் இந்த நேரடி ரயில் வந்ததிலிருந்து நம் ஊரார் பலர் சென்னையை முதலில் பார்ப்பது இங்கேதான். இங்கிருந்து மின்சார ரயிலில் கோட்டை, பூங்கா தாண்டினால் எழும்பூர். அறையை அங்கேயே எடுங்கள் என்பேன். ஸ்டேஷனுக்கு எதிரே கென்னத் சந்து முழுக்க லாட்ஜ்கள். ஸ்டேஷனை ஒட்டியே மெட்ரோ.

பௌர்ணமிக்கு அறை வாடகை ஏறுவது நமக்குத் தெரிந்த கதை. ஆனால் வெளியூரில் வாடகையை விட முதலில் கேட்க வேண்டியது, "செக்-அவுட் எத்தனை மணிக்கு?" என்பதுதான். 24 மணி நேரக் கணக்கு உள்ள இடத்தில் காலை பத்துக்கு எடுத்த அறை மறுநாள் பத்து வரை உங்களுடையது. பகல் 12 மணிக் கணக்கு என்றால், அதே பத்து மணிக்கு நுழைந்தவரிடம் இரண்டு மணி நேரத்துக்கே ஒரு நாள் வாடகை கேட்கக்கூடும். முன்பணம் கொடுக்குமுன் அறையைத் திறந்து, குழாயில் தண்ணீர் வருகிறதா, கதவின் உள்தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று பாருங்கள். பெரியவர்கள் எல்லோருடைய ஆதாரும் கையில் இருக்கட்டும்.

மெரினாவுக்கு எழும்பூரில் மெட்ரோ ஏறினால் அடுத்த நிறுத்தம் சென்ட்ரல். அங்கே வெளியேறும் கேட்டுக்குப் போகாமல், விமான நிலையம் என்று பலகை காட்டும் நடைமேடைக்கு மாறினால், அடுத்ததே அரசினர் தோட்டம். அங்கிருந்து கடற்கரைக்கு ஆட்டோ. டிக்கெட்டை உள்ளே நுழைந்ததும் கசக்கி எறிந்துவிடக் கூடாது. வெளியே வரவும் அதையே காட்ட வேண்டும். ஏறுமுன் பிள்ளைகளிடம் ஒன்றைச் சொல்லி வையுங்கள்: கதவு மூடி யாராவது விடுபட்டால், விடுபட்டவர் அங்கேயே நிற்க வேண்டும். ரயிலில் போனவர்கள் அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பி வருவார்கள். இரண்டு பக்கமும் தேடி அலைந்தால்தான் தொலைந்து போவது.

என் கவலை கடலைப் பற்றியது. சாத்தனூர் அணையைப் பார்த்து வளர்ந்த நமக்கு, அமைதியாகத் தெரியும் தண்ணீர் ஆபத்தில்லாதது என்று ஒரு நினைப்பு. மெரினாவில் அது தப்பு. வரிசையாக அலை உடையும்போது நடுவில் ஒரு துண்டு மட்டும் அலையில்லாமல், கொஞ்சம் கருத்துத் தெரிந்தால், கரைக்கு வந்த தண்ணீர் கடலுக்குத் திரும்பும் வழியாக அது இருக்கலாம். நீந்தத் தெரிந்தவரையும் இழுத்துப் போகும். அங்கே குளிக்கத் தடை இருப்பது இதனால்தான். கால் நனைப்பதென்றாலும் பிள்ளையின் கையைப் பிடித்தபடி, கணுக்கால் அளவோடு நிறுத்துங்கள்.

மறுநாள் எழும்பூர் அருங்காட்சியகம். வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் பயண நாளை அதற்கேற்பக் குறியுங்கள். அங்கே வெண்கலச் சிலைக்கூடத்தில் இருக்கும் திருவாலங்காட்டு நடராஜரைப் பற்றி அடுத்த வாரம்.

(தொடரும்)