ஓர் இயந்திரம், இரண்டு பேரேடுகள்

அரசு மானியத்துக்குக் கணக்கு எழுதும் முறையைச் சொல்வது ஏ.எஸ். 12. இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம் வெளியிட்ட கணக்கியல் தரநிலைகளில் இது சின்னது. சி.ஏ. இன்டர் படிப்பவர்கள் ஒரே மாலையில் வாசித்து முடித்துவிடலாம். ஆனால் தேர்வுக்கு முந்தைய இரவு புரட்டினால், “ஒத்திவைத்த வருமானம்”, “எஞ்சிய ஆயுள்”, “திருப்பிச் செலுத்த வேண்டிய மானியம்” என்று எல்லாம் ஒன்றுக்கொன்று உறவில்லாத வாக்கியங்களாக நிற்கும். மஞ்சள் மையால் கோடிட்ட வரிகள் அந்த நேரத்தில் உதவுவதில்லை. அத்தியாயத்தை ஒரு பக்கப் பேரேடாக மாற்றி வைத்திருந்தால் உதவும்.

மாற்றுவது எப்படி? ஒவ்வொரு பத்தியையும் படித்ததும் ஒரே கேள்வி: இதனால் எந்தக் கணக்கில் பற்று, எந்தக் கணக்கில் வரவு? பதில் கிடைக்கும் பத்தி பேரேட்டுக்குப் போகும். பதில் இல்லாத பத்தியைத் தனித்தாளில் எழுதி ஓரமாக வைக்கலாம். அதோடு ஒரு கட்டுப்பாடும் வேண்டும். பத்திக்குப் பத்தி புதுப்புது எண்களை எடுக்கக் கூடாது. பாடநூலின் உதாரணங்கள் ஒவ்வொன்றும் வேறு நிறுவனம், வேறு தொகை என்று வருவதால்தான் இரண்டு முறைகளை ஒப்பிட்டுப் பார்க்க முடியாமல் போகிறது என்பது என் எண்ணம்.

ஓர் ஆலையை எடுத்துக்கொள்வோம். ஏப்ரல் 1 அன்று 10,00,000 ரூபாய்க்கு இயந்திரம் வாங்குகிறது. ஆயுள் 5 ஆண்டு, முடிவில் எச்ச மதிப்பு இல்லை, தேய்மானம் நேர்கோட்டு முறையில். அன்றே அரசிடமிருந்து 2,00,000 ரூபாய் மானியம் வருகிறது. மூன்று ஆண்டு ஓடியபின் மானியத்தின் நிபந்தனை ஒன்று மீறப்படுகிறது. நான்காம் ஆண்டின் முதல் நாளில் முழு மானியத்தையும் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கிறது.

ஏ.எஸ். 12 இங்கே இரண்டு வழிகளை அனுமதிக்கிறது. முதல் வழியில் மானியத்தை இயந்திரத்தின் விலையிலேயே கழித்துவிடலாம். அப்போது இயந்திரக் கணக்கு இப்படி ஓடும்:

| எப்போது | விவரம் | பற்று | வரவு | இருப்பு |
|---|---|---|---|---|
| 1ஆம் ஆண்டுத் தொடக்கம் | வங்கி (வாங்கியது) | 10,00,000 | | 10,00,000 |
| அதே நாள் | வங்கி (மானியம்) | | 2,00,000 | 8,00,000 |
| 1 முதல் 3ஆம் ஆண்டு | தேய்மானம், ஆண்டுக்கு 1,60,000 | | 4,80,000 | 3,20,000 |
| 4ஆம் ஆண்டுத் தொடக்கம் | வங்கி (திருப்பிக் கட்டியது) | 2,00,000 | | 5,20,000 |
| 4, 5ஆம் ஆண்டு | தேய்மானம், ஆண்டுக்கு 2,60,000 | | 5,20,000 | 0 |

நான்காவது வரியில்தான் அத்தியாயத்தின் கடினமான பத்தி ஒளிந்திருக்கிறது. திருப்பிக் கட்டிய தொகை இயந்திரத்தின் ஏட்டு மதிப்பில் ஏறுகிறது. அந்தப் புதிய மதிப்பை மீதியுள்ள ஆண்டுகளுக்கு மட்டும் பங்கிட வேண்டும்; கடந்த ஆண்டுகளைத் தொடக் கூடாது. மாணவர்கள் இங்கே அடிக்கடி செய்யும் தவறு, மானியமே வராததுபோல 10,00,000-ஐ ஐந்தால் வகுத்து 2,00,000 என்று போடுவது. அப்படிப் போட்டால் ஐந்தாம் ஆண்டு முடிவில் இயந்திரக் கணக்கில் 1,20,000 இருப்பு மிஞ்சும். ஆயுள் முடிந்த இயந்திரத்துக்கு இருப்பு ஏது? விடைத்தாளைத் திருத்துபவர் சொல்வதற்கு முன்பே பேரேடு சொல்லிவிடும்.

இரண்டாவது வழியில் இயந்திரக் கணக்கை மானியம் தொடுவதில்லை. அது 10,00,000-இல் தொடங்கி ஆண்டுக்கு 2,00,000 தேய்ந்துகொண்டு போகும். மானியத்துக்கு ‘ஒத்திவைத்த அரசு மானியம்’ என்று தனிக் கணக்கு திறந்து 2,00,000 வரவு வைக்க வேண்டும். அதிலிருந்து ஆண்டுதோறும் 40,000 இலாப நட்டக் கணக்குக்கு வருமானமாகப் போகும். மூன்று ஆண்டு முடிவில் மிஞ்சுவது 80,000.

இப்போது திருப்பிக் கட்டும் நாள் வருகிறது. வங்கியிலிருந்து போவது 2,00,000. ஒத்திவைத்த மானியத்தில் இருப்பதோ 80,000. அதைப் பற்று வைத்துக் கணக்கை மூடிவிட்டு, மீதி 1,20,000-ஐ இலாப நட்டக் கணக்கில் செலவாக எழுத வேண்டும். முழு இரண்டு இலட்சத்தையும் ஒத்திவைத்த மானியத்திலேயே பற்று வைத்தவருக்கு அங்கே 1,20,000 பற்று இருப்பு நிற்கும். பொறுப்புப் பக்கம் இருக்க வேண்டிய கணக்கில் பற்று இருப்பைக் கண்டாலே பதிவு பிசகிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

இரண்டு பேரேடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்றாம் ஆண்டு முடிவில் முதல் வழியில் இயந்திரத்தின் மதிப்பு 3,20,000. இரண்டாம் வழியில் இயந்திரம் 4,00,000. ஒத்திவைத்த 80,000-ஐக் கழித்தால் அங்கும் 3,20,000. நான்காம் ஆண்டில்தான் வழிகள் பிரிகின்றன. முதல் வழியில் அந்த ஆண்டின் செலவு 2,60,000. இரண்டாம் வழியில் தேய்மானம் 2,00,000, நட்டம் 1,20,000, ஆக 3,20,000. ஐந்தாம் ஆண்டில் முறையே 2,60,000, 2,00,000. ஐந்து ஆண்டையும் கூட்டினால் இரண்டிலும் நிகரச் செலவு சரியாக 10,00,000. மானியம் கையில் தங்காததால் இயந்திரத்தின் முழு விலையும் செலவாகத்தானே வேண்டும். இந்தக் கூட்டல் ஒத்துவராவிட்டால் எங்கோ ஒரு பதிவு தவறியிருக்கிறது.

நேர்கோட்டு முறையை எடுத்ததில் ஓர் ஆபத்தும் உண்டு. மானியத்தை ஆண்டுதோறும் சமமாகப் பிரிப்பதுதான் விதி என்று மனத்தில் பதிந்துவிடும். விதி அதுவல்ல; தேய்மானம் எந்த விகிதத்தில் விழுகிறதோ அதே விகிதத்தில் மானியமும் வருமானமாக வேண்டும். ஆகவே பேரேட்டின் ஓரத்தில் இன்னும் ஒரு வரி: குறைந்துசெல் மதிப்பு முறையில் 20 சதவீதம் என்றால் முதல் ஆண்டுத் தேய்மானம் 2,00,000, வருமானமாகும் மானியம் 40,000, இரண்டாம் ஆண்டு 1,60,000, மானியம் 32,000.

இயந்திரத்துக்குப் பதில் நிலம் வாங்க மானியம் வந்தால்? நிலத்துக்குத் தேய்மானம் இல்லை. ஆகவே இரண்டாம் வழியில் மானியம் மூலதனக் காப்புக்குப் போய் அங்கேயே இருக்கும். ‘இந்த நிலத்தில் தொழிற்கூடம் கட்ட வேண்டும்’ என்பதுபோல் செலவு பிடிக்கும் நிபந்தனை இருந்தால் மட்டும், அந்தச் செலவு எந்த ஆண்டுகளில் விழுகிறதோ அந்த ஆண்டுகளின் வருமானமாக வரும்.

ஓரமாக வைத்த தனித்தாளுக்கு வருவோம். அதில் இருக்கும் முக்கியமான பத்தி, மானியத்தை எப்போது கணக்கில் ஏற்கலாம் என்பது. நிபந்தனைகளை நிறுவனம் நிறைவேற்றும், மானியம் வந்து சேரும் என்ற இரண்டுக்கும் நியாயமான உறுதி வேண்டும். பணம் வங்கிக்கு வந்துவிட்டது என்பதே நிபந்தனை நிறைவேறியதற்கு முடிவான சான்று ஆகாது. இதை எந்தப் பேரேடும் காட்டாது. கேள்வியில் கொடுத்த சூழ்நிலையைப் படித்துத்தான் முடிவெடுக்க முடியும். நிதிநிலை அறிக்கையில் எதையெல்லாம் வெளியிட வேண்டும் என்ற பகுதியும் அப்படியே. மனப்பாடம் தவிர வழியில்லை.

சி.ஏ. ஃபைனலுக்குப் போகிறவர்கள் இந்தத் தாளைத் தூக்கி எறிய வேண்டாம். அங்கே வரும் இண்டு ஏ.எஸ். 20 முதலில் ஒத்திவைக்கும் வழியை மட்டுமே அனுமதித்தது. 2018-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு சொத்தின் விலையில் கழிப்பதும் செல்லும். ஆனால் கழித்த மானியத்தைத் திருப்பிக் கட்டும்போது விதி வேறு. மானியமே இல்லாதிருந்தால் இதுவரை எவ்வளவு கூடுதல் தேய்மானம் விழுந்திருக்குமோ, அதை உடனே இலாப நட்டக் கணக்கில் எழுத வேண்டும். நம் இயந்திரத்துக்கு அது ஆண்டுக்கு 40,000 வீதம் மூன்று ஆண்டுக்கு 1,20,000. ஆக, இயந்திரத்தின் மதிப்பு 5,20,000-இல் நிற்காமல் 4,00,000-க்கு இறங்கும். கடைசி இரண்டு ஆண்டுத் தேய்மானமும் 2,00,000 என்றாகும். மேலே தவறு என்று சொன்ன அதே 2,00,000 இங்கே சரியான விடை. பழைய அட்டவணையின் நான்காவது வரிக்குக் கீழே வேறு நிற மையில் இந்த ஒரு வரியைச் சேர்த்துவிட்டால் போதும்.