லெட்டர்ஹெட்டில் ஐந்து கோடி

என் மனைவியின் தம்பி அம்பத்தூரில் மரப் பேக்கிங் பெட்டி செய்யும் பட்டறை வைத்திருக்கிறான். சென்ற ஆண்டு ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனியிலிருந்து அவனுக்குப் பெரிய ஆர்டர் ஒன்று வந்தது. மொத்தம் 18 லட்ச ரூபாய்க்குப் பெட்டிகள். சரக்கை இறக்கி 90 நாள் கழித்துத்தான் பணம். பலகை வாங்கவே கடன் வாங்க வேண்டியவனுக்கு அது சின்ன விஷயமில்லை. ஆனால் அவன் தைரியமாக இருந்தான். கம்பெனி அனுப்பிய கடிதத்தின் தலைப்பில், பெயருக்குக் கீழே, ‘அங்கீகரிக்கப்பட்ட மூலதனம் ரூ. 5 கோடி’ என்று அச்சிட்டிருந்தது.

“அஞ்சு கோடி போட்டுத் தொழில் பண்றவங்க மாமா, நம்ம காசு எங்க போயிடப் போகுது?” என்றான்.

அந்த ஐந்து கோடியை யாரும் போடவில்லை. போட்டாக வேண்டும் என்ற கட்டாயமும் யாருக்கும் இல்லை. இதை அவனுக்குப் புரியவைக்க எனக்கு ஒரு முழு மாலை பிடித்தது.

குழப்பத்துக்கு அந்தச் சொற்களே பாதிக் காரணம். ‘மூலதனம்’ என்றால் எங்கோ பணம் இருக்கிறது என்று மனம் எடுத்துக்கொள்கிறது. ‘அங்கீகரிக்கப்பட்ட’ என்றால் அரசாங்கம் சோதித்துப் பார்த்துச் சான்று கொடுத்துவிட்டது போல் தோன்றுகிறது. உண்மையில் கம்பெனி தன் அமைப்புச் சாசனத்தில் தனக்குத் தானே எழுதிக்கொள்ளும் உச்சவரம்புதான் இது. ‘எங்கள் கம்பெனி இத்தனை ரூபாய் முகமதிப்புக்கு மேல் பங்கு வெளியிடாது’ என்பதே அதன் பொருள். பத்து ரூபாய்ப் பங்குகள் 50 லட்சம் வரை வெளியிடலாம் என்று எழுதிக்கொண்டால் அங்கீகரிக்கப்பட்ட மூலதனம் 5 கோடி. அந்த 50 லட்சம் பங்குகளில் ஒன்றைக்கூட யாரும் வாங்கியிருக்க வேண்டியதில்லை.

வரம்பை உயர்த்துவதும் எளிது. பங்குதாரர்கள் கூடித் தீர்மானம் போட வேண்டும், 30 நாளுக்குள் SH-7 என்ற படிவத்தைக் கம்பெனிப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும், கட்டணமும் முத்திரைத் தீர்வையும் கட்ட வேண்டும். தொகை கூடக் கூடக் கட்டணமும் கூடும். 5 கோடிக்குச் சில லட்சம் ஆகும். புதிதாகப் பதிவு செய்யும்போது 15 லட்சம் வரையிலான மூலதனத்துக்கு மத்திய அரசின் பதிவுக் கட்டணம் கிடையாது. சின்னக் கம்பெனிகள் பலவற்றில் இந்தத் தொகை 10 லட்சம், 15 லட்சம் என்று நிற்பதற்கு இது ஒரு காரணம். ஆக, இந்த எண்ணைப் பார்த்து ஒரு கம்பெனியின் எண்ணத்தை ஓரளவு ஊகிக்கலாம். வரும் நாளில் பங்கு விற்றுப் பணம் திரட்டும் யோசனை இருக்கலாம். கையில் காசு இருக்கிறதா என்று இந்த எண் சொல்லவே சொல்லாது.

மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் mca.gov.in தளத்தில் எந்தக் கம்பெனியின் பெயரைத் தேடினாலும் அதன் அடிப்படை விவரங்கள் கிடைக்கும். அதில் Authorised Capital, Paid up Capital என்று இரண்டு வரிகள் அடுத்தடுத்து நிற்கும். தம்பிக்கு ஆர்டர் கொடுத்த கம்பெனியைத் தேடினோம். முதல் வரியில் 5,00,00,000. இரண்டாவது வரியில் 1,00,000.

அவன் பூஜ்யங்களை இரண்டு தரம் எண்ணினான்.

இரண்டாவது வரிதான் செலுத்தப்பட்ட மூலதனம். பங்குதாரர்கள் தங்கள் பங்குகளின் முகமதிப்புக் கணக்கில் உண்மையிலேயே கட்டி முடித்த தொகை. இந்தக் கம்பெனியில் பத்து ரூபாய்ப் பங்குகள் பத்தாயிரம், எல்லாவற்றுக்கும் முழுப் பணம் கட்டியாகிவிட்டது. ஒரு லட்சம். குறைந்தது இவ்வளவாவது போட வேண்டும் என்று முன்பு சட்டம் கேட்டது. பிரைவேட் கம்பெனிக்கு ஒரு லட்சம், பப்ளிக் கம்பெனிக்கு 5 லட்சம். 2015இல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள்.

இந்த இரண்டுக்கும் நடுவில் இன்னோர் எண் உண்டு, வெளியிடப்பட்ட மூலதனம். அனுமதித்துக்கொண்ட 50 லட்சம் பங்குகளில் எத்தனையை ‘வாங்கிக்கொள்ளுங்கள்’ என்று கம்பெனி வெளியே கொடுக்க முன்வந்ததோ அதன் மதிப்பு. தளத்தின் முதல் பக்கத்தில் இது தெரியாது. ஆண்டு நிதிநிலை அறிக்கையில் பங்கு மூலதனம் பற்றிய குறிப்பில் இருக்கும். வெளியிட்டதில் ஆட்கள் ஏற்றுக்கொண்ட பகுதியையும் அங்கே தனியாகக் காட்டுவார்கள். சின்னக் கம்பெனிகளில் வெளியிட்டது, ஏற்றது, கட்டியது மூன்றும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். அதனால் இந்த எண்ணைப் பலர் கண்டுகொள்வதில்லை. ஆனால் பங்குக்குத் தவணையில் பணம் வாங்கும் கம்பெனியில் இந்த எண் நிறையப் பேசும்.

ரிலையன்ஸ் இண்டஸ்ட்ரீஸ் 2020இல் தன் பங்குதாரர்களுக்கு ஏறத்தாழ 42.26 கோடி புதிய உரிமைப் பங்குகளை வெளியிட்டது. பங்கு ஒன்று 1,257 ரூபாய். விண்ணப்பிக்கும்போது கால் பங்குப் பணம், அதாவது 314 ரூபாய் 25 காசு கட்டினால் போதும் என்றார்கள். பங்கின் முகமதிப்பு 10 ரூபாய். கட்டிய 314.25இல் இரண்டரை ரூபாய்தான் முகமதிப்புக் கணக்கில் சேர்ந்தது. மீதி 311.75 பிரீமியம், அது பங்கு மூலதனத்தில் சேராது, தனிக் கணக்கில் போகும். ஆகவே 13,000 கோடிக்கு மேல் பணம் உள்ளே வந்தபோது, செலுத்தப்பட்ட மூலதனம் ஏறியது சுமார் 106 கோடி மட்டும். 2021 மே மாதம் இன்னோர் இரண்டரை ரூபாயும் நவம்பரில் கடைசி ஐந்து ரூபாயும் அவற்றுக்குரிய பிரீமியத்தோடு வசூலாயின. அதுவரை வெளியிட்ட தொகைக்கும் கட்டிய தொகைக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருந்தது.

அந்த இடைவெளி பங்குதாரர்கள் கம்பெனிக்குக் கட்ட வேண்டிய பாக்கி. கம்பெனி நொடித்துக் கலைக்கப்படும் நிலை வந்தால், கடன்காரர்களுக்குக் கொடுப்பதற்காக அந்தப் பாக்கியைப் பங்குதாரர்களிடம் கேட்டு வாங்க முடியும். முழுப் பணமும் கட்டிய பங்குதாரரிடம் அதற்கு மேல் ஒரு ரூபாய்கூடக் கேட்க முடியாது. ‘லிமிடெட்’ என்ற சொல்லின் பொருள் அதுதான். அனுமதித்த தொகைக்கும் வெளியிட்ட தொகைக்கும் நடுவில் உள்ள இடைவெளியோ யாருடைய கடனும் இல்லை. தம்பி நம்பியிருந்த 4 கோடியே 99 லட்சம் முழுவதும் இந்த இரண்டாவது வகை.

“அப்ப அந்த ஒரு லட்சமாவது இருக்குமா மாமா?” என்றான்.

நல்ல கேள்வி. 2018 நவம்பர் முதல் தொடங்கிய கம்பெனிகள், பதிவான 180 நாளுக்குள் INC-20A என்ற படிவத்தில், முதல் பங்குதாரர்கள் ஒப்புக்கொண்ட பணத்தைக் கட்டிவிட்டார்கள் என்று உறுதி கூற வேண்டும். அதைத் தராமல் தொழில் தொடங்கவோ கடன் வாங்கவோ கூடாது. அதனால் பணம் ஒருநாள் வந்தது என்று நம்பலாம். வந்த பணத்தை அப்படியே பெட்டியில் பூட்டி வைக்கச் சொல்லிச் சட்டம் இல்லை. அடுத்த வாரமே வாடகைக்கும் சம்பளத்துக்கும் போயிருக்கலாம். போனாலும் செலுத்தப்பட்ட மூலதனம் என்ற எண் ஒரு லட்சமாகவே நிற்கும். நட்டம் வந்தால் அது குறையாது, லாபம் வந்தால் கூடாது.

சென்னையின் எம்.ஆர்.எஃப். கம்பெனியைப் பாருங்கள். அதன் செலுத்தப்பட்ட மூலதனம் ஏறத்தாழ 4.24 கோடி ரூபாய். பத்து ரூபாய்ப் பங்குகள் 42 லட்சத்துச் சொச்சம், அவ்வளவுதான். 2023 ஜூனில் அந்தப் பங்கு ஒன்றின் விலை ஒரு லட்ச ரூபாயைத் தாண்டியது. மொத்தப் பங்குகளின் சந்தை மதிப்பு 42,000 கோடிக்கு மேல். பல பத்தாண்டுகளாக உள்ளேயே வைத்துச் சேர்த்த லாபம் இருப்புக் கணக்கில் இருக்கிறது, பங்கு மூலதனத்தில் இல்லை. மறுபுறம் வோடஃபோன் ஐடியா. அரசுக்கு அது கட்ட வேண்டியிருந்த 36,950 கோடி ரூபாய் 2025 ஏப்ரலில் பத்து ரூபாய்ப் பங்குகளாக மாற்றப்பட்டது. அதோடு செலுத்தப்பட்ட மூலதனம் ஒரு லட்சம் கோடியைத் தாண்டியது. கைக்குப் புதிதாக ஒரு ரூபாய் வரவில்லை. கடன், பங்காகப் பெயர் மாறியது. சேர்ந்துபோன நட்டம் மூலதனத்தைவிடப் பெரிதாக இருந்ததால், நிகர மதிப்பு பூஜ்யத்துக்குக் கீழேதான் இருந்தது.

அதனால் செலுத்தப்பட்ட மூலதனத்தைத் தனியாக வைத்து முடிவு சொல்லக் கூடாது. அதற்கு அடுத்த வரியில், இருப்பும் உபரியும் என்ற தலைப்பில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதே தளத்தில் 100 ரூபாய் கட்டி அந்தக் கம்பெனியின் ஆவணங்களைத் திறந்தோம். பங்கு மூலதனம் ஒரு லட்சம். இருப்பும் உபரியும் கழித்தல் 23 லட்சம். ஆக, பங்குதாரர்களின் பணம் என்று மிஞ்சியது கழித்தல் 22 லட்சம். தொழில் நடந்துகொண்டிருந்தது இயக்குநர்கள் கொடுத்த 31 லட்ச ரூபாய்க் கடனில். பங்காகப் போட்டிருந்தால் நினைத்தபோது எடுக்க முடியாது. கடனாகக் கொடுத்ததை, காசு வரும்போது முதல் ஆளாகத் திருப்பி எடுத்துக்கொள்ள வழி உண்டு. என்னை அதிகம் உறுத்தியது அந்த 31 லட்சம்தான்.

SH-7 படிவத்தின் தேதியையும் பார்த்தோம். மூலதன வரம்பை ஐந்து கோடியாக உயர்த்தி எட்டு மாதம் ஆகியிருந்தது. பங்கு ஒதுக்கினால் அனுப்ப வேண்டிய PAS-3 படிவம் அதற்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. முதலீட்டாளரை எதிர்பார்த்து உயர்த்தியிருக்கலாம், அவர் வராமல் போயிருக்கலாம். அதில் குற்றம் எதுவும் இல்லை. லெட்டர்ஹெட் விஷயம் அப்படியல்ல. கடிதத்திலோ பில்லிலோ விளம்பரத்திலோ அங்கீகரிக்கப்பட்ட மூலதனத்தைக் குறிப்பிட்டால், பங்குதாரர்கள் ஏற்ற மூலதனத்தையும் செலுத்தப்பட்ட மூலதனத்தையும் அதே அளவு கண்ணில் படும் இடத்தில், அதே அளவு எடுப்பான எழுத்தில் போட வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 60ஆவது பிரிவு. மீறினால் அபராதம் உண்டு. ஐந்து கோடியை மட்டும் அச்சிட்டு ஒரு லட்சத்தை விட்டுவிட்ட அந்தக் கடிதம் இந்தப் பிரிவுக்கு ஒத்துவரவில்லை.

தம்பி ஆர்டரை விடவில்லை. பாதிப் பணம் முன்னால் வேண்டும், மீதி ஒவ்வொரு லாரி இறங்கும்போதும் வேண்டும் என்று எழுதினான். அவர்கள் பேரம் பேசி, நாலு லட்ச ரூபாய்க்கு மட்டும் ஆர்டரைச் சுருக்கி, முன்பணம் அனுப்பினார்கள். அந்த நாலு லட்சமும் முழுதாக வந்து சேர்ந்தது.