குறிப்பும் விடையும்: குறுக்கெழுத்துப் புதிரில் இருவழிச் சரிபார்ப்பும் புணர்ச்சிக் கணக்கும்

ஆய்வுச்சுருக்கம்

மறைகுறிப்புக் குறுக்கெழுத்துப் புதிரின் ஒவ்வொரு குறிப்பும் விடையை இருமுறை சொல்கிறது. ஒருமுறை பொருளால், ஒருமுறை எழுத்தால். இவ்விரண்டையும் தனித்தனியே பிரித்துச் சோதிப்பதே விடையைச் சரிபார்க்கும் வழி. தமிழில் இச்சோதனை புணர்ச்சி விதிகளின் வழியாகவே நிறைவுறுகிறது என்பதைக் கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்ப்பெயர்களைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: குறுக்கெழுத்து, மறைகுறிப்பு, சொல்லாட்டம், புணர்ச்சி, சுருளிப்பட்டி

குறிப்பின் இரு பகுதிகள்

நாளிதழ்களில் பரவலாகக் காணப்படும் எளிய குறுக்கெழுத்தில் குறிப்பு என்பது விடையின் பொருள் மட்டுமே. மறைகுறிப்புப் புதிரில் அப்பொருளோடு, விடையை எழுத்தெழுத்தாகக் கட்டிக் காட்டும் சொல்லாட்டமும் ஒரே தொடருக்குள் ஒளிந்திருக்கும். தமிழில் இவ்வகைப் புதிர்கள் அமெரிக்காவிலிருந்து வெளிவரும் ‘தென்றல்’ மாத இதழில் வாஞ்சிநாதன் அமைத்தவற்றால் பலருக்கு அறிமுகமாயின. எழுத்தைக் கூட்டியும் குறைத்தும் கரந்தும் விளையாடுவது தமிழுக்குப் புதியதன்று. தண்டியலங்காரம் சொல்லணியியலில் கூறும் எழுத்து வருத்தனமும் அக்கரச்சுதகமும் கரந்துறைச் செய்யுளும் இவற்றின் முன்னோர்களே.

குறிப்பில் சரியான பொருள், முறையான சொல்லாட்டம் ஆகிய இரண்டும் இருக்க வேண்டும்; இவற்றுக்குப் புறம்பாக வேறொன்றும் இருத்தல் ஆகாது. ஜிமனிஸ் என்ற புனைபெயரில் புதிர் அமைத்த ஆங்கிலேயரான மெக்நட் 1966இல் வெளியிட்ட தம் நூலில் வலியுறுத்திய நெறி இது. புதிர் அமைப்பவருக்கென்று சொல்லப்பட்ட இந்நெறி, விடை காண்பவருக்குச் சரிபார்ப்புக் கருவியாகிறது. குறிப்பின் சொற்களுள் ஒன்றேனும் வேலையின்றி நின்றால், விடையிலோ விடையை அடைந்த வழியிலோ பிழை இருக்கிறது என்று கொள்ளலாம்.

ஒரு குறிப்பு, இரு விடைகள்

கம்பத்திலிருந்து சுருளி அருவிக்குச் செல்லும் வழியில், திராட்சைத் தோட்டங்களுக்கு இடையே அமைந்தது சுருளிப்பட்டி. அதனை விடையாகக் கொண்டு இக்கட்டுரைக்கென அமைக்கப்பட்ட குறிப்பு வருமாறு:

அரசனை இழந்த நகைச்சுவை நடிகருடன் விக்கிரமாதித்தன் மந்திரி சேர அருவியருகே ஓர் ஊர் (7)

அடைப்புக்குறிக்குள் உள்ள எண் விடையின் எழுத்தெண்ணிக்கையைக் குறிக்கும். தமிழ்ப் புதிர்களில் உயிர்மெய் ஒரு கட்டத்திலும், புள்ளியெழுத்து தனக்கென ஒரு கட்டத்திலும் அமைவது வழக்கம். இவ்விடையின் நான்காம் கட்டத்தை, மேலிருந்து கீழாக வரும் ‘உப்பு’ என்ற விடை வெட்டிச் செல்கிறது எனக் கொள்வோம். ஆகவே நான்காம் எழுத்து ‘ப்’.

தேனி மாவட்டத்து ஊர் என்று ஊகித்த ஒருவர் ‘பண்ணைப்புரம்’ என நிரப்பக்கூடும். ப, ண், ணை, ப், பு, ர, ம் என எழுத்துகள் ஏழு. நான்காம் எழுத்தும் ‘ப்’. கட்டம் நிரம்புகிறது, குறுக்கே வரும் விடையோடும் முரண்பாடு இல்லை. இங்கேதான் பலர் எழுதுகோலைக் கீழே வைத்துவிடுகின்றனர். ஆனால் குறுக்கெழுத்து ஒத்துப்போவது தனிச்சான்று ஆகாது. அது வேறொரு விடையின் எழுத்து. அவ்விடையே தவறாக இருந்தால் சான்றும் தவறாகும். சரியாகவே இருந்தாலும், ஏழில் ஓர் எழுத்தை மட்டுமே அது உறுதி செய்கிறது.

பொருட்சோதனை

முதலில் குறிப்பை எங்கே வெட்டுவது என்று காண வேண்டும். பொருட்பகுதி எப்போதும் குறிப்பின் தொடக்கத்திலோ இறுதியிலோ தொடர்ச்சியாக நிற்கும், நடுவில் நில்லாது. மேற்கண்ட குறிப்பில் ‘சேர’ என்னும் வினையெச்சத்தின் பின் வெட்டினால் ‘அருவியருகே ஓர் ஊர்’ என்ற பெயர்த்தொடர் கிடைக்கிறது. ‘ஓர் ஊர்’ என்பதன் முன் வெட்டினால் ‘அருவியருகே’ என்ற சொல் சொல்லாட்டத்தின் பக்கம் விழுகிறது. அங்கு அதற்கு வேலை இல்லை. ஆகவே முதல் வெட்டே பொருந்துகிறது.

இனி அத்தொடருக்குப் பதிலாக விடையை ஒரு வாக்கியத்தில் வைத்துப் பார்க்கலாம். ‘அவர் அருவியருகே ஓர் ஊரில் பிறந்தார்’ என்பது ‘அவர் சுருளிப்பட்டியில் பிறந்தார்’ என்று மாறும்போது சொல்வகையும் பொருளும் சிதையவில்லை. பண்ணைப்புரம் இங்கேயே தடுமாறுகிறது. அது இளையராஜா பிறந்த ஊராக அறியப்படுவதே அன்றி அருவியால் அறியப்படுவது அன்று. எனினும் பள்ளத்தாக்கை அறியாத ஒருவரால் இதை உறுதியாகச் சொல்ல இயலாது. பொருட்சோதனையின் எல்லை இதுவே: அது அறிவைச் சார்ந்தது, ‘ஊர்’ போன்ற பரந்த சொல்லுக்குப் பல விடைகளை அனுமதிப்பது.

எழுத்துச்சோதனை

சொல்லாட்டத்தைச் சோதிக்கும்போது விடையை மறைத்துக்கொள்ள வேண்டும். விடையைக் கண்முன் வைத்துக்கொண்டு பார்த்தால் எந்தக் குறிப்பும் ஏதோ ஒரு வகையில் பொருந்துவதாகவே தோன்றும். குறிப்பிலிருந்து விடைக்குப் போக வேண்டுமே தவிர, விடையிலிருந்து குறிப்புக்குத் திரும்பக் கூடாது.

‘அரசனை இழந்த நகைச்சுவை நடிகர்’ என்பது ஒரு கழித்தல். நடிகரின் பெயரில் அரசனைக் குறிக்கும் சொல் இருக்க வேண்டும். நாகேஷ், தங்கவேலு போன்ற பெயர்களில் அது இல்லை, சுருளிராஜனில் உண்டு. சு, ரு, ளி, ரா, ஜ, ன் என்னும் ஆறு எழுத்துகளில் ‘ராஜன்’ என்னும் மூன்றும் நீங்க ‘சுருளி’ எஞ்சுகிறது. கழிக்கப்படுவது தொடர்ச்சியான இறுதிப்பகுதி என்பதால் கழித்தல் நேர்மையானது. விக்கிரமாதித்தன் கதையில் வரும் மந்திரியின் பெயர் பட்டி. ப, ட், டி என மூன்று எழுத்துகள். ‘உடன்’, ‘சேர’ ஆகியவை இரண்டையும் ஒட்டுமாறு கூறுகின்றன. குறிப்பின் எல்லாச் சொற்களுக்கும் வேலை கிடைத்துவிட்டது.

ஆனால் கணக்கு இன்னும் நேராகவில்லை. மூன்றும் மூன்றும் ஆறு, கட்டங்களோ ஏழு. ஆங்கிலப் புதிரில் இத்தகைய குறை நேர்ந்தால் விடை தவறு என்று தள்ளிவிடலாம். தமிழில் அவ்வாறு தள்ளும் முன் புணர்ச்சியைக் கேட்க வேண்டும். உயிரீற்றின் முன் வரும் க, ச, த, ப மிகும் என்பது நன்னூல் உயிரீற்றுப் புணரியலின் பொதுவிதி. ‘சுருளி’ இகரத்தில் முடிகிறது. ‘பட்டி’ பகரத்தில் தொடங்குகிறது. இடையே ‘ப்’ தோன்றுகிறது. ஏழாம் எழுத்து இதுவே. ‘உப்பு’ கொடுத்த நான்காம் எழுத்தும் இதுவே. சொல்லாட்டத்தில் எந்தச் சொல்லும் தராத ஓர் எழுத்தை இலக்கணம் தருகிறது. பேச்சிலும் பலகைகளிலும் ‘சுருளிபட்டி’ என்று ஒற்றில்லாமல் வருவதைக் கண்டு பழகியவர் ஆறு கட்டங்களோடு நின்றுவிட்டு, சரியான விடையையே கைவிடவும் கூடும்.

பண்ணைப்புரத்தை இதே சோதனைக்கு உட்படுத்தினால் ‘பண்ணை’, ‘புரம்’ என்று பிரியும். அதில் நடிகரும் இல்லை, மந்திரியும் இல்லை. இம்முடிவுக்கு ஊரைப் பற்றிய அறிவு எதுவும் தேவைப்படவில்லை.

எழுத்துக் குறையும் இடம்

புணர்ச்சி எழுத்தைக் கூட்டுவதுபோலக் குறைக்கவும் செய்யும்.

மதுரையைத் தாண்டித் தவழ், கேரள எல்லையில் நகரம் (4)

மதுரைக்குக் கூடல் என்பது பழம்பெயர். தவழ் என்பதற்கு ஊர் என்பது நிகர்ச்சொல். ‘தாண்டி’ என்பது வரிசையைக் காட்டுகிறது: கூடலுக்குப் பின் ஊர். கூ, ட, ல் மூன்று, ஊ, ர் இரண்டு, மொத்தம் ஐந்து. மெய்யின் மேல் உயிர் வந்து ஒன்றும் என்ற மெய்யீற்றுப் புணரியல் விதிப்படி ல், ஊ இரண்டும் ‘லூ’ என்னும் ஒரே கட்டத்தில் அமர, ‘கூடலூர்’ நான்கு எழுத்தாகிறது. மதுரைக்கு ‘ஆலவாய்’ என்று எடுத்திருந்தால் அதுவே நான்கு எழுத்து. ‘ஊர்’ சேர்ந்து ‘ஆலவாயூர்’ என ஐந்தாகிவிடும். பள்ளத்தாக்கின் மற்றொரு நகரமான கம்பமும் நான்கெழுத்தே. பொருட்சோதனை மட்டும் அதனைத் தடுத்திருக்காது, எழுத்துச்சோதனை தடுத்துவிடுகிறது. நீலகிரியிலும் கேரள எல்லையை ஒட்டி ஒரு கூடலூர் உண்டு. இரண்டில் எது என்பது புதிருக்குத் தேவையற்ற வினா.

இக்குறிப்பில் நுட்பமான பிழை ஒன்றுக்கு இடமுண்டு. விடையின் ‘ஊர்’ என்பதைக் கண்டவுடன் அது குறிப்பிலுள்ள ‘நகரம்’ என்பதிலிருந்து வந்தது என்று கருதத் தோன்றும். அப்படிக் கொண்டால் ‘நகரம்’ பொருட்பகுதிக்கும் சொல்லாட்டத்துக்கும் ஒருசேர உழைக்கிறது. ‘தவழ்’ வேலையின்றி நிற்கிறது. விடை சரி, சரிபார்ப்பு தவறு. இத்தகைய தற்செயல் அடுத்த புதிரில் கைகொடுக்காது. சொல்வகையும் இங்கே கவனிக்கத்தக்கது. ‘தவழ்’ என்ற ஏவல் வினைக்கு ‘ஊர்’ என்ற ஏவல் வினை நிகர். குறிப்பில் ‘தவழ்ந்து’ என்று இருந்திருந்தால் ‘ஊர்ந்து’ என்றே கொள்ள வேண்டியிருக்கும்.

குறிச்சொல்லின் நேர்மை

எழுத்துகளை இடம்மாற்றும் குறிப்புகளில் எந்த எழுத்தும் உடையாது என்பது அடிப்படை. ‘வாகனம் கவிழ விண்ணுலகம் (4)’ என்ற குறிப்புக்கு ‘வானகம்’ என்பது விடை. வா, க, ன, ம் என்னும் நான்கும் ஒவ்வொன்றாக ஈடுசெய்யப்படுகின்றன. கணக்கில் குறையில்லை, பொருளிலும் குறையில்லை. ஆயினும் ‘கவிழ’ என்னும் குறிச்சொல்லை உற்றுநோக்கினால், அது தலைகீழாக்கலைச் சுட்டுவதாகவும் கொள்ள முடியும். வாகனத்தைத் தலைகீழாகப் படித்தால் ‘ம்’ முதலில் வரும். மெய்யெழுத்து தமிழில் மொழிமுதல் ஆகாது. ஆகவே புள்ளியில் முடியும் எச்சொல்லும் தலைகீழாக்கத்துக்கு உடன்படாது என்பதைக் கொண்டு, இங்கே கூறப்படுவது கலைத்தலே என்று துணியலாம். ‘நொறுங்க’ என்று எழுதியிருந்தால் இவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது. அது விடை காண்பவரின் பிழையன்று, குறிப்பின் தளர்ச்சி.

ஒளித்துவைக்கும் குறிப்புகளில் வேற்றுமை உருபு இடையூறு செய்யலாம். ‘தங்கம் பம்பரத்துக்குள் காணும் ஊர் (4)’ என்பதில் தங்கத்தின் ஈற்றில் உள்ள க, ம் இரண்டும் பம்பரத்தின் முதலில் உள்ள ப, ம் இரண்டும் அடுத்தடுத்து நின்று ‘கம்பம்’ ஆகின்றன. பம்பரம் என்பது ‘அத்து’ச் சாரியை பெற்றுப் ‘பம்பரத்துக்குள்’ ஆனபோது அதன் ஈற்று மகரம் மறைந்தது. ஒளிந்த விடைக்கு அம்மகரம் தேவைப்பட்டிருந்தால், அகராதிச் சொல்லைக் கொண்டு அது பொருந்துவதுபோலத் தோன்றும். அச்சிட்ட குறிப்பைக் கொண்டு பொருந்தாது. சரிபார்ப்புக்கு அச்சிட்ட வடிவமே ஆதாரம்.

இருவழிச் சோதனை பலிக்காத வகையும் ஒன்றுண்டு. ‘திராட்சை விளையும் ஊரில் தூண் (4)’ என்ற குறிப்பில் இரு பகுதிகளும் பொருட்பகுதிகளே. ஊரும் கம்பம், தூணும் கம்பம். எழுத்தைக் கட்டும் பகுதி இல்லாததால் எண்ணிச் சரிபார்க்க ஒன்றுமில்லை. சிலேடை சார்ந்த இவ்வகைக் குறிப்புகளில் மட்டும், முன்னர்த் தனிச்சான்றாகாது என்று ஒதுக்கிய குறுக்கு விடைகளின் எழுத்துகளையே நம்ப வேண்டியிருக்கிறது. அவ்விடைகளேனும் எழுத்துச்சோதனையில் தேறியவையா என்று பார்த்த பிறகே கட்டத்தை மையால் நிரப்புவது நல்லது.